கேஷானியின் வெற்றுக்கட்டம்

2008இல் குருவிட்ட கடைத்தெருவில் ரஹ்மா டைப்பிங் கடை வைத்திருந்தாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கும் சுஜீதா, அவர்களின் தடுப்பூசி அட்டவணையை பிடிஎஃப்பாகக் கொண்டுவந்தாள். புதுப் பிள்ளைகளைச் சேர்த்து, மறுநாள் ஊசி போட வரும் மிட்வைஃபிடம் கொடுக்க வேண்டும்.

ரஹ்மா அதை வேர்டுக்கு மாற்றினாள். கட்டங்கள் கலைந்து, பெயர்கள் எல்லாம் முதலிலும் ஊசித் தேதிகள் எல்லாம் அதன்கீழும் விழுந்தன, பாருங்கள். புது அட்டவணை போட்டு, தேதிகளை வெட்டிப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

சுஜீதா திரையை எட்டிப் பார்த்தாள். "ஐயோ, கேஷானிக்குத் தேதி இருக்கே! போன தடவ ஊசி போட்ட அன்னிக்கு அவளுக்குக் காய்ச்சல். ஊசி போடலங்க."

ரஹ்மா எண்ணினாள். பெயர் நாற்பத்திரண்டு, தேதி நாற்பத்தொன்று.

"வெறுங்கட்டம் வராமப் போயிருக்கு சுஜீதாக்கா. அதுக்குக் கீழ உள்ள தேதியெல்லாம் ஒரு படி மேல ஏறிட்டு."

"அப்ப நாளைக்கு இவளுக்கு ஊசியே இல்ல. கடைசிப் புள்ளைக்கு ரெண்டாந்தடவ குத்தியிருப்பாங்க!"

பிடிஎஃப்பில் கேஷானிக்கு நேரே கட்டம் காலியாகத்தான் இருந்தது. ரஹ்மா தேதிகளுக்கு நடுவே, அதே இடத்தில் ஒரு வெற்று வரியை நுழைத்து மறுபடி ஒட்டினாள். சுஜீதா பெயர் பெயராக வாசிக்க, இருவரும் பழைய பக்கத்தோடு ஒப்பிட்டு முடித்தார்கள். பிறகு புதுப் பிள்ளைகளின் பெயர்களைக் கீழே சேர்த்தாள் ரஹ்மா.

"கேஷானி நாளைக்கு அழுவா," என்றாள் சுஜீதா. "நா மடியில வச்சுக்கறேன்."