ஒளிராத குழிகள்

இவ்வளவு நல்லதாக எதுவும் நடக்காதே. எனக்கு மட்டும் எப்படி நடக்கும்?

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தட்டிலிருந்த சின்னஞ்சிறு குழிகள் அத்தனையும் கரிபூசியதுபோல் கிடந்தன. பக்கத்தில் நின்ற கூட்டாளி துள்ளிக்கொண்டிருந்தான். தலைமுடியால் ஆய்வகம் முழுக்க அவனுக்குச் சுருட்டை என்றே பேர்.

"ஒரு பச்சைப் புள்ளிகூட இல்ல! மூணாவது ஊசி ஜெயிச்சிடுச்சு. கேக் உன் செலவு."

"கொஞ்சம் சும்மா இருடா. பாக்க விடு."

குழிகளில் விட்டிருந்தது, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர், சீரம். புது உறுப்பை உடம்பு எதிரியாக நினைத்துவிடாமலிருக்க இவர்கள் தினமும் மாத்திரை விழுங்குகிறார்கள். அதனால் கொரோனா தடுப்பூசி சொல்லித்தருவதும் மெதுவாகத்தான் ஏறும். இரண்டு ஊசியில் பலருக்கு ஒன்றும் ஏறவில்லை. மூன்றாவதிலாவது ஏறியதா என்பதுதான் கேள்வி. தெளிநீர் வந்த குப்பிகளில் ஒன்று அவள் அக்காவுடையது. எதுவென்று அவளுக்குத் தெரியாது. குப்பியில் எண் மட்டும்தான். யாருடைய எண் எது என்பது மருத்துவருக்கு மட்டுமே தெரியும்.

அக்கா ஒரு பாட்டுக் குழுவில் இருந்தவள். ஒரு வருஷமாக மூடிய ஜன்னலுக்குப் பின்னால் தனியாகப் பாடுகிறாள்.

அதனால்தான் அவளுக்கு இந்த இருட்டைக் கட்டிக்கொள்ள ஆசையாக இருந்தது. அந்த ஆசையே அவளைப் பயமுறுத்தியது. தட்டின் ஓரத்துக்குக் கண்ணை நகர்த்தினாள். அங்கே தெளிநீரே விடாத குழிகள். வெறும் செல்லும் போலி வைரசும் மட்டும். பெருகத் தெரியாத அந்தப் போலி, கொரோனாவின் மேல் முள்முள்ளாக நீட்டியிருக்கும் கூர்ப்புரதத்தைப் போர்த்திக்கொண்டு வரும். செல்லுக்குள் நுழைந்துவிட்டால் செல் பச்சையாக ஒளிரும். தெளிநீரில் எதிர்ப்பொருள் ஏறியிருந்தால் அது போலியை வழிமறிக்கும், குழி இருட்டாகவே கிடக்கும். இங்கோ தடுக்க ஆளில்லாத இடம். பளீரென்று எரிய வேண்டும்.

அதுவும் கருப்பு.

"டேய், காவலே இல்லாத வீட்டுலயும் திருடன் நுழையல."

சுருட்டையின் துள்ளல் நின்றது. "வைரஸ் செத்துப்போச்சோ?"

அவள் உறைபெட்டியைத் திறந்து செல் குப்பிகளின் பெயர்ச்சீட்டைப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கூர்ப்புரதம் பற்றிக்கொள்ள செல்லின் மேல் ஏஸ்-டூ என்ற ஏற்பி வேண்டும். பற்றிய பிறகுதான் புரதம் வெட்டுப்பட்டு, வடிவம் மாறி, வைரசின் உறையைச் செல்லின் உறையோடு இணைக்கும், வழி திறக்கும். அந்த ஏற்பியைச் சேர்த்து வளர்த்த செல்லுக்குப் பதிலாக, ஏற்பியே இல்லாத அதன் தாய் வகையை எடுத்துப் பரப்பியிருந்தாள்.

"கதவே வைக்காத வீட்டைக் கட்டிட்டு, திருடன் வரலைன்னு கேக் கேட்டிருக்கோம்."

"கேக்கை மட்டும் வாங்கிடலாமே. துக்கத்துக்கும் சாப்பிடலாம்."

செல்லை மறுபடி வளர்த்து, மறுபடி பரப்பி, அடுத்த வாரம் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த முறை முதலில் ஓரத்தைப் பார்த்தாள். பச்சை, கண் கூசும் பச்சை. ஊசிக்கு முன் எடுத்த தெளிநீர் இருந்த குழிகளிலும் பச்சை. இரண்டாவது ஊசிக்குப் பிறகு லேசாக மங்கல். மூன்றாவதற்குப் பிறகு, குழி குழியாக இருள் இறங்கியிருந்தது. சிலதில் முழு இருட்டு. சிலதில் அங்கங்கே மினுக்கல். மங்காத குழி ஒன்றுகூட இல்லை.

அந்த ஊசியில் இருந்தது இவ்வளவுதான்: கொழுப்புத் துளிக்குள் மடித்து வைத்த ஒரு செய்தி. செல் அதைப் படித்து, கூர்ப்புரதத்தை மட்டும் செய்து காட்டுகிறது. வைரஸ் கிடையாது, அதன் மேலங்கி மட்டும். செய்தி கரைந்து போய்விடுகிறது. பார்த்த முகத்தை உடம்பு நினைவில் வைத்துக்கொள்கிறது. மாத்திரையால் கட்டிப்போட்ட உடம்பும் மூன்றாம் முறையில் படித்துவிட்டதே!

சுருட்டை இம்முறை துள்ளவில்லை. அவள்தான் துள்ளினாள்.

முடிவு மருத்துவரிடம் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவே கூப்பிட்டாள்.

"எல்லாருக்கும் ஏறியிருக்காமேடி! டாக்டர் சொன்னார். எங்க வார்டு வாட்ஸ்அப்ல ஒரே கூத்து."

"ஆமாக்கா. ஆனா ஒரே அளவா ஏறல. சிலரோட குழி முழு இருட்டு, சிலரோடது மினுக்கல். முகக்கவசம் இருக்கட்டும்."

"சரி சரி, கழட்டல. ஜன்னலைத் திறந்துக்கிட்டுப் பாடுறேன், போதுமா?" அக்கா சிரித்தாள். குரல் தாழ்ந்தது. "என்னுது முழு இருட்டா, மினுக்கலா? என் நம்பர் எதுன்னு நீ கேட்டா டாக்டர் சொல்லிடுவார். எனக்காக ஒரு வார்த்தை கேளேன்."

இன்னும் ஆறு மாதம் கழித்து மறுசோதனைக்கு அதே எண்களில் புதுக் குப்பிகள் வரும். எது அக்காவுடையது என்று தெரிந்துவிட்டால், அந்தக் குழியின் பச்சையைத் தன் கண் குறைத்துத்தான் பார்க்கும். தன் ஆசையை அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

"உன் முடிவை நீ டாக்டர்கிட்ட கேட்டுக்கோ," என்றாள் மெல்ல. "எங்கிட்ட மட்டும் சொல்லிடாத. நான் கேக்க மாட்டேன்க்கா."