வெள்ளிக்கிழமை வரும் மெயில்

ஆரணியை ஒட்டிய சேவூரில், ஸ்வர்ணலதாவின் குடோனுக்குள் முழங்கால் அளவுக்கு வந்த மழை வெள்ளம் வடிய மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் காலையில் சுகன்யா அங்கே போனபோது கதவைத் திறந்ததுமே நூலுக்குப் போட்ட கஞ்சி அழுகிய நாற்றம் முகத்தில் அடித்தது. அடித்தட்டில் அடுக்கியிருந்த பட்டுச் சேலைகளில் அரக்குச் சாயம் ஒழுகி மாம்பழ மஞ்சளில் ஏறியிருந்தது. பாவுக்கு வைத்திருந்த நூல் கட்டுகள் சேற்றில் ஊறிக் கல்லாகக் கிடந்தன.

சுகன்யா வேலூரில் ஒரு இன்சூரன்ஸ் புரோக்கர் ஆபீஸில் கிளெய்ம் பார்ப்பவள். கண்ணமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். பாலிசி எடுத்துக் கொடுப்பதோடு புரோக்கர் வேலை முடிந்துவிடாது. சேதம் வந்தால் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்கும் தாள்களைத் திரட்டி, பணம் கைக்கு வரும்வரை வாடிக்கையாளர் பக்கம் நிற்க வேண்டும். ஆறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

ஸ்வர்ணலதாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு தொழிலை அவளே எடுத்து நடத்தினாள். நாற்பது தறிக்குப் பாவும் ஊடையுமாக நூல் கொடுத்து, நெய்து வரும் சேலையைச் சென்னைக் கடைகளுக்கு அனுப்புவாள். கையில் இரண்டு போன், இரண்டும் அடித்துக்கொண்டே இருக்கும். அன்றைக்குச் சேற்றில் நின்றபடியே சொன்னாள்:

"இத பாரு சுகன்யா, எனக்கு நிக்க நேரமில்ல. போன் பண்ணா எடுக்க மாட்டேன். வாரத்துக்கு ஒரு மெயில் போடு. இன்னா நடந்துது, நான் இன்னா பண்ணணும், எப்போக்குள்ள. அவ்ளோதான். சுத்தி வளைச்சு எழுதுனா படிக்கவே மாட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமையே முதல் மெயில் போனது.

"அக்கா, வணக்கம்.
நடந்தது: சர்வேயர் புதன்கிழமை வந்து குடோனைப் பார்த்தார். படம் எடுத்தார்.
நிலவரம்: அவர் சேதத்தைக் கணக்கிட்டு அறிக்கை தர வேண்டும். அதன் பிறகே கம்பெனி முடிவு சொல்லும்.
நீங்கள் தர வேண்டியது: ஸ்டாக் ரெஜிஸ்டர், கொள்முதல் பில்கள். வரும் புதனுக்குள்.
நனைந்த சரக்கைப் பிரித்து உலர்த்துங்கள். சர்வேயர் ஒப்புக்கொள்ளும்வரை எதையும் விற்க வேண்டாம்."

ஒரு மணி நேரத்தில் கட்டை விரல் படம் ஒன்று பதிலாக வந்தது. புதன்கிழமை காலையிலேயே பில்கள் வந்துவிட்டன. இரண்டாவது வாரமும் அப்படியே நல்லபடியாகப் போயிற்று.

மூன்றாவது வாரம் சர்வேயரிடமிருந்து நாலு வரி வந்தது. பாலிசியில் சரக்கு இருக்கும் இடம் என்று ஆரணி பஜார் தெரு விலாசம்தான் இருக்கிறது. வெள்ளம் புகுந்ததோ சேவூரில். இடம் மாற்றியதைக் கம்பெனியிடம் சொல்லி பாலிசியில் திருத்தம் வாங்கியிருந்தால் அதன் நகலை அனுப்பவும். 'புரோக்கரிடம் சொல்லிவிட்டேன்' என்று உரிமையாளர் சொல்கிறார்.

சுகன்யா உடனே போனை எடுத்தாள். வாட்ஸ்அப்பைத் திறந்து மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். ஆகஸ்ட் பன்னிரண்டு. ஸ்வர்ணலதாவின் குரல் பதிவு, இருபத்திரண்டு வினாடி.

"சுகன்யா, பஜார் குடோன் சுவரு விரிசல் வுட்டுச்சு. சரக்கெல்லாம் சேவூருக்கு மாத்திகினு இருக்கேன். விலாசம் கீழ அனுப்பிருக்கேன், பாலிசில மாத்திடு. ஜல்தியா பண்ணிடும்மா."

அதற்குக் கீழே விலாசம். அதற்கும் கீழே அவளே அனுப்பிய பதில்: "சரிக்கா, பண்ணிடறேன்."

பண்ணவில்லை. அன்றைக்கு என்ன வேலையில் இருந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நின்றிருப்பாள். ஒன்றுமில்லை, மறந்துவிட்டாள். திருத்தம் வந்ததா என்று ஸ்வர்ணலதாவும் திரும்பக் கேட்கவில்லை. சொன்னால் நடக்கும் என்று நம்புகிறவள் அவள்.

ஆபீஸின் தலைமைப் பொறுப்பு ஜெயவேலுடையது. சுகன்யா போனை அவர் மேஜையில் வைத்துப் பதிவைப் போட்டுக் காட்டினாள். அவர் இரண்டு தரம் கேட்டார். கத்தவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. நம்ம மேலயே ஒரு பாலிசி இருக்கு, தெரியும்ல? புரோக்கர் தப்பு பண்ணி கிளையண்டுக்கு நஷ்டம்னா அதுதான் கொடுக்கும். ஆனா அந்தக் கம்பெனி எழுத்துல ஒத்துக்காம 'எங்க தப்புதான்'னு நாம வாய தொறந்தா, அதுவும் கைய விரிச்சிடும். நான் அவங்களுக்கு லெட்டர் போடறேன். பதில் வரட்டும். அதுவரைக்கும் நிலுவைன்னு எழுது."

"சர்வேயருக்கு இன்னா சார் சொல்றது?"

"விவரம் தேடறோம்னு சொல்லு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மெயில் இப்படிப் போனது: "நடந்தது: சர்வேயர் சில விளக்கம் கேட்டிருக்கிறார். நிலவரம்: நிலுவை. நீங்கள் செய்ய வேண்டியது: ஒன்றுமில்லை." அடுத்த வாரமும் அதையே தேதி மாற்றி அனுப்பினாள். அதற்கடுத்த வாரமும். 'ஒன்றுமில்லை' என்று தட்டும்போதெல்லாம் விரல் ஒரு நொடி நின்று, பிறகு தட்டியது. ஒவ்வொரு தடவையும் கட்டை விரல் படம் தவறாமல் வந்தது.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, வேறொரு கிளெய்முக்காக அவள் ஆரணிக்குப் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். குமரேசன். ஸ்வர்ணலதாவுக்கு நெய்பவர். குடோனைக் கழுவிய அன்று சேற்றை வாரிக்கொட்டியவர்.

"நீங்கதான மெயில் போடறவங்க? நல்லா எழுதறீங்க மேடம். வெள்ளிக்கிழமை ஆனா லதாக்கா எங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுவாங்க. என் சம்சாரம் கூட படிச்சிட்டு, 'ஒண்ணும் பண்ண வேணாம்னு போட்டுகீதுய்யா, அப்ப பணம் வந்துடும்'னு சொல்லிச்சு."

சுகன்யா நின்றுவிட்டாள்.

"தறி ஓடுதா அண்ணே?"

"எங்க ஓடுது? பாவு இல்லியே. தேவிகாபுரத்துல ஒரு முதலாளி கூப்ட்டாரு, பாவும் தரேன், முன்பணமும் தரேன்னு. நாங்க ஒரு பன்னெண்டு பேரு போவலாம்னு இருந்தோம். அக்கா இந்த மெயிலக் காட்டி, 'இன்னும் ரெண்டு வாரம் பொறுங்கய்யா, கிளெய்ம் வந்துகினு கீது'ன்னாங்க. அவங்க பேச்ச எப்படித் தட்டறது? வரலன்னு சொல்லிட்டோம். அவரு வேற ஆளு வெச்சிகினாரு." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "பரவால்ல. எப்ப வரும் மேடம், பொங்கலுக்குள்ள வந்துடுமா?"

"கேட்டுச் சொல்றேண்ணே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் சாம்பல் நிற வானம். வயல்களில் சாய்ந்த நெல் எடுப்பாரில்லாமல் முளை விட்டிருந்தது. அவளுக்கு வேறெதுவும் மனதில் ஓடவில்லை. பன்னிரண்டு வீடு. தான் எழுதிய ஒரு சொல்லை நம்பிப் பன்னிரண்டு வீட்டில் தறி சும்மா கிடக்கிறது.

மறுநாள் காலை முதல் வேலையாக ஜெயவேலிடம் போனாள்.

"சார், இன்னிக்கு இருக்கறத இருக்கறபடி எழுதப் போறேன்."

"பதில் இன்னும் வரல சுகன்யா."

"தப்புன்னு எழுத மாட்டேன். நடந்தத மட்டும் எழுதறேன். அவங்க நம்மள நம்பி எல்லாரையும் நிறுத்தி வெச்சிருக்காங்க சார்."

"உன்னால ஆபீஸே மாட்டும். யோசிச்சுக்கோ" என்றார் அவர். "நான் அனுப்பச் சொல்லல. ஞாபகம் வெச்சுக்கோ."

பதினொரு மணிக்கு அனுப்பினாள்.

"அக்கா, வணக்கம்.
நடந்தது: பாலிசியில் சேவூர் விலாசம் இல்லை. அதைத்தான் சர்வேயர் மூன்று வாரமாகக் கேட்கிறார்.
நீங்கள் ஆகஸ்ட் 12 அன்று எனக்குச் சொன்னீர்கள். நான் அதைக் கம்பெனிக்கு அனுப்பவில்லை.
நிலவரம்: கிளெய்ம் மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். இந்தப் பணத்தை நம்பி எந்த ஏற்பாடும் செய்ய வேண்டாம்.
நீங்கள் செய்ய வேண்டியது: அந்தக் குரல் பதிவை அழிக்காதீர்கள். எங்கள் ஆபீஸுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்."

கட்டை விரல் வரவில்லை. மூன்று மணிக்குப் போன் அடித்தது.

"இது நெசமா சுகன்யா?"

"ஆமாங்கா."

போனில் அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு தறி ஓடும் சத்தம் கேட்டது.

"மறந்துட்ட, சரி. மனுஷன் மறக்கறதுதான். நானும் திரும்பக் கேக்கல. ஆனா மூணு வாரமா தெரிஞ்சுகினே ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு எழுதுன பாரு... அத நான் அத்தினி பேருக்கும் படிச்சுக் காட்னேன்டி."

சுகன்யா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

பொங்கல் கழிந்து பத்தாம் நாள் கம்பெனியின் கடிதம் வந்தது. சேதமான இடம் பாலிசியில் குறிப்பிட்ட இடம் அல்ல என்பதால் கிளெய்மை ஏற்க இயலாது. புரோக்கர் ஆபீஸின் பாலிசிமேல் ஸ்வர்ணலதா கேட்ட இழப்பீடு விசாரணைக்குப் போயிற்று. எத்தனை மாதமாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெயவேல் அந்த ஃபைலைச் சுகன்யாவிடமிருந்து வாங்கிக்கொண்டு அவளை வண்டி இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் மேஜைக்கு மாற்றினார். குமரேசன் கண்ணமங்கலம் பக்கம் கட்டட வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டாள். அவரை ஒரு முறை பார்க்க நினைத்தாள். பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

மாசி மாதம் விசாரணை அதிகாரி வேலூருக்கு வந்து அவளிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சில் ஸ்வர்ணலதா உட்கார்ந்திருந்தாள். அடுத்து அவள் முறை. இளைத்திருந்தாள். ஒரு போன்தான் கையில் இருந்தது.

"ரெண்டு பாவுக்கு மட்டும் நூல் கடனா குடுங்க செட்டியாரே, சேலை வந்ததும் கட்டிடறேன்" என்று அதில் பேசிக்கொண்டிருந்தாள். சுகன்யாவைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. உள்ளே கூப்பிட்டதும் எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள்.

சுகன்யா படியிறங்கினாள். ஆபீஸுக்குத் திரும்பிப் போக வேண்டும். மூன்று லாரிகளுக்கு அன்றோடு இன்சூரன்ஸ் முடிகிறது.