பத்து நாளில் கிடைத்திருக்கும்

அந்த வங்கிக் கிளையில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடன் பிரிவில் பதினோரு வருடம். வட்டி என்றால் என்ன, தவணையில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று யார் கேட்டாலும் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுச் சொல்லித் தருவாள். அவளிடம் பேசிவிட்டுப் போகிறவர்கள் அந்தத் தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள்.

பேக்கரி மாஸ்டர் வந்த அன்று அவள் தாள் எடுக்கவில்லை.

மாதத்தின் கடைசி வேலை நாள் அது. பர்சனல் லோன் கணக்கில் மாத இலக்குக்கு அவளுக்கு ஒரே ஒரு லோன் குறைந்தது. மேனேஜர் காலையிலிருந்து இரண்டு முறை வந்து அவள் மேசை மேல் விரலால் தட்டிவிட்டுப் போயிருந்தார். மாஸ்டர் வாசலில் செருப்பைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். முழங்கைக்கு மேலே எங்கோ மாவு ஒட்டியிருந்தது. நாலு வருடம் முன்பு, அவள் வீட்டு லோன் பிரிவில் இருந்தபோது, அவருக்கு லோன் போட்டுக் கொடுத்தவளே அவள்தான். ஒரு தவணைகூட அவர் தவறியதில்லை.

"வீட்டுக்காரிக்கு முட்டி ஆபரேஷன் மேடம். தேதி குடுத்துட்டாங்க. அஞ்சு வாரம் இருக்கு. இன்சூரன்ஸ் பாதிதான் வரும். நாலு லட்சம் வேணும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நம்ம வீட்டு லோன் மேலயே கூட்டி வாங்கலாமாமே, டாப் அப்புன்னு. அது நமக்குச் சரிப்படுமா?" என்று கேட்டார்.

சரிப்படும். அவருக்கென்றே செய்தது போலச் சரிப்படும். வட்டி ஒன்பதரை சதவீதம். பர்சனல் லோன் என்றால் பதினாறு. வீட்டின் மதிப்பு ஏறியிருந்தது, கட்டிய தவணைகள் சுத்தமாக இருந்தன. மதிப்பீட்டாளர் ஒரு நடை போய்ப் பார்த்து, வக்கீல் பத்திரத்தை ஒரு தடவை புரட்டி, கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட்டால் பத்து நாளில் பணம் வந்துவிடும். ஆனால் அது வீட்டு லோன் பிரிவின் கணக்கில் ஏறும். அவளுடைய கணக்கில் ஏறாது.

"அது இழுக்கும் மாஸ்டர்" என்றாள். "வீட்டப் பாக்க ஆள் வரணும், வக்கீல் பாக்கணும், திரும்பப் பத்திரம் அது இதுன்னு அலையணும். வீட்டம்மாவும் வந்து கையெழுத்துப் போடணும், முட்டி வலியோட. நடுவுல ஏதாவது ஒண்ணு நின்னுச்சுன்னா ஆபரேஷன் தேதி என்னாகும்? ஏற்கெனவே அடமானத்துல இருக்கற வீட்டு மேல இன்னும் எதுக்குப் பாரம் ஏத்தறீங்க? பர்சனல் லோன்னா இன்னிக்கே பணம் வந்துரும்."

ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகப் பார்த்தால் உண்மைதான். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மாஸ்டர் தலையாட்டினார். "உங்களுக்குத் தெரியாததா. நீங்க சொன்னா சரி." ஃபோனில் வந்த எண்ணைப் படித்துச் சொன்னார், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். நாலு வருடம், மாதம் பதினோராயிரத்து முந்நூற்றுச் சொச்சம். மூன்று மணிக்குப் பணம் அவர் கணக்கில் விழுந்தது. வாசல் வரை போனவர் திரும்பி வந்து மறுபடியும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள், அவள் மாத இலக்கை எட்டியதற்காக மேனேஜர் கிளையில் எல்லோருக்கும் கேக் வரவழைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் மாஸ்டர்தான். எதற்கான கேக் என்று அவருக்குத் தெரியாது. மேல் மூடியைத் திறந்தவர், மேனேஜர் கத்தியை அவளிடம் நீட்டுவதைப் பார்த்து, "மேடத்துக்கா? தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் நல்லாப் பூ போட்டிருப்பேனே" என்றார். எல்லோரும் கைதட்ட அவள் வெட்டினாள். முதல் துண்டை அவருக்கே கொடுக்கச் சொன்னார் மேனேஜர். அவர் சங்கோசத்தோடு வாங்கிக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டு, நன்றாக வந்திருக்கிறதா என்று அவளையே கேட்டார். வந்திருக்கிறது என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல், ஃபோன் வந்ததுபோலப் பாவனை செய்து கழிப்பறைக்குள் போய் நின்றாள்.

அதோடு மறந்துவிடலாம் என்று நினைத்தாள். கொஞ்ச நாள் மறந்தும் இருந்தாள்.

ஏழு மாதம் கழித்து மாஸ்டரின் மனைவி கைத்தடியோடு வந்தாள். நடை நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததும் பையிலிருந்து ஃபோனை எடுத்து ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினாள். தவணைத் தேதி அஞ்சு. பேக்கரியில் இப்போது சம்பளம் ஏழாம் தேதிதான் போடுகிறார்கள். இரண்டு மாதமாகத் தவணை திரும்பிப்போய், சம்பளம் வந்ததும் கட்டியும் அபராதம் விழுந்திருந்தது.

"தேதிய மட்டும் பத்துக்கு மாத்திக் குடுத்தீங்கன்னா போதும் மேடம். அவரு இப்ப மத்தியானத்துல ஹோட்டலுக்கெல்லாம் பன்னு போடப் போறாரு, சைக்கிள்ல. சமாளிச்சுருவாரு." கொஞ்சம் சிரித்தாள். "அவர்கூட வேலை பாக்கறவரு ஒருத்தரு, வீட்டு லோன் மேல வாங்கியிருந்தா இவ்வளவு வராது, உங்கள ஏமாத்திட்டாங்கன்னு சொன்னாராம். இவரு அவர்கூடச் சண்டைக்கே போயிட்டாரு. மேடத்துக்குத் தெரியாததா, நம்ம ஆபரேஷன் நிக்கக்கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சாங்கன்னு. நானும் அதான் சொன்னேன்."

அவளுக்கு முகம் சுட்டது. தேதி மாற்றும் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். பேனா மூடியைக் கழற்றத் தெரியாதவள் போல அதையே திருகிக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் மனைவி போன பிறகு கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு டாப் அப் கொடுத்து, ஆறு வருடத்துக்கு வைத்திருந்தால் தவணை ஏழாயிரத்து முந்நூறுதான். மாதம் நாலாயிரம் மிச்சம். மொத்த வட்டியும் குறைவுதான். அந்த நாலாயிரத்துக்குத்தான் அவர் மத்தியான வெயிலில் சைக்கிள் மிதிக்கிறார்.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "நீ பொய் எதுவும் சொல்லலையே. ரெண்டும் பேங்க் குடுக்கற லோன்தானே" என்றான். அவளைத் தேற்றத்தான் சொன்னான். இதையேதான் ஏழு மாதமாக அவளும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பேக்கரியின் பின்வாசல் வழியாகப் போனாள். மாஸ்டர் நீள மேசையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையைத் துடைக்கத் துணி தேடினார். "வேலையப் பாருங்க மாஸ்டர். ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள்.

சொன்னாள். டாப் அப் பத்து நாளில் கிடைத்திருக்கும் என்றும், அது தனக்கு அன்றைக்கே தெரியும் என்றும், தனக்கு ஒரு லோன் குறைந்தது என்றும். சொல்லும்போது அவர் கையைத்தான் பார்த்தாள். கை முதலில் வேகம் குறைந்தது. பிறகு நின்றது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவர் மாவை உருட்டி ஓரமாக வைத்து ஈரத்துணியால் மூடினார்.

"நான் ஆபரேஷன்னு சொன்னேனே மேடம்" என்றார்.

 அடுப்பின் சூடு முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. போய்விடலாம் போலிருந்தது, போகாமல் நின்றாள். "இப்பவும் ஒண்ணு செய்யலாம்" என்றாள். "வீட்டு லோன் மேல டாப் அப் வாங்கி இத முடிச்சுரலாம். இன்னும் மூணு லட்சத்து அம்பத்தாறாயிரம் பாக்கி இருக்கு. முன்னாடியே முடிக்கறதுக்கு நாலு சதவீதம் கட்டணம் கேப்பாங்க. அத விட்டுக்குடுக்கச் சொல்லி நான் எழுதிக் கேக்கறேன். எத்தன வருஷத்துக்கு வேணும்னு உங்களக் கேப்பாங்க. வீட்டு லோன் முடியற வரைக்கும், பதினோரு வருஷம்னு சொல்லிராதீங்க. மாசத் தவணை ரொம்பக் கம்மியாத் தெரியும், ஆனா மொத்த வட்டி இப்ப கட்டறத விட எகிறிடும். நாலு வருஷம் போதும்னு சொல்லுங்க. மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சம் குறையும். கட்டாம விட்டா வீட்டுக்குத்தான் ஆபத்து, அதையும் யோசிச்சுக்குங்க."

"இதையும் உங்ககிட்டதான் வாங்கணுமா?"

"வேணாம். பக்கத்து மேசைல இருக்கற தம்பி பாப்பான். அவன் வீட்டு லோன் பிரிவு."

"சரி" என்றார். அவ்வளவுதான். துணியை விலக்கிவிட்டு மறுபடியும் மாவில் கை வைத்தார். அவள் வெளியே வந்து, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் தெருவில் கொஞ்ச நேரம் நின்றாள்.

திங்கட்கிழமை அவள் எழுதிக்கொண்டு போன கடிதத்தை மேனேஜர் இரண்டு முறை படித்தார். "முடிக்கற கட்டணத்த விட்டுக்குடுன்னு மட்டும் கேளேன். தப்பா சொல்லிக் குடுத்தேன்னு எதுக்கு எழுதற? இது உன் ஃபைல்ல கெடக்கும், தெரியுமா?"

"காரணம் இல்லாம விட மாட்டாங்க சார்."

"அன்னிக்கு நானும்தான் மேசையத் தட்டினேன்" என்றார் மெதுவாக, அவளைப் பார்க்காமல். "அத எழுதிராத."

அவள் அதை எழுதவில்லை. அதிலும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

தலைமை அலுவலகம் கட்டணத்தில் பாதியை விட்டுக்கொடுத்தது. அவளிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, அந்த வருட ஊக்கத்தொகை போயிற்று. மீதிப் பாதியைத் தானே கட்டுவதாக மாஸ்டரிடம் ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். "அவங்க காசு வேணாம்னு சொல்லு" என்று பதில் வந்தது.

டாப் அப்புக்கு எழுதிக்கொடுத்த பத்தாவது நாள் கணவனும் மனைவியும் வந்தார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். அந்த இளைஞன் ஒவ்வொரு பக்கமாகக் காட்ட, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நாலு வருடம் என்று மாஸ்டர் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஆறடி தூரம்தான். அவள் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் எழுந்து நேராக வாசலுக்குப் போய்விட்டார். மனைவி தடியை ஊன்றி அவள் மேசைக்கு வந்து நின்றாள்.

திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"எங்கள மாதிரி இன்னும் எத்தன பேரு மேடம்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தெரியல" என்றாள்.

தெரியாது என்பது உண்மைதான், எண்ணிப் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, மூன்று வருடத்தில் தான் கொடுத்த பர்சனல் லோன்களில் வீட்டு லோனும் இருந்தவர்களைத் தனியாகப் பிரித்தாள். அதில் நிஜமாகவே அவசரம் என்று வந்தவர்கள் உண்டு. கூட்டாகக் கடன் வாங்கியவர் ஊரில் இல்லாமல் கையெழுத்துக்கு வழியில்லாதவர்கள் உண்டு. தவணை மாதக்கணக்கில் நின்றுபோனதால் டாப் அப்புக்குத் தகுதி இல்லாதவர்கள் உண்டு. அவர்களையெல்லாம் கழித்தாள். ஒன்பது பேர் மிஞ்சினார்கள்.

முதல் பெயர் ஒரு பள்ளி வேன் ஓட்டுநருடையது. முகம் நினைவிருந்தது. அவரும் தாளை மடித்துக்கொண்டு போகாதவர்களில் ஒருவர். எண்ணை அழுத்தினாள்.

"டீச்சர் மேடமா? சொல்லுங்க மேடம்" என்றது அந்தப் பக்கத்துக் குரல், சந்தோஷமாக.

அவள் ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, "உங்க லோன் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள்.