மாமாவுக்கு ரூபிகா எழுதிய மறுப்பு

மகள் ரூபிகா எழுதிய கடிதத்தை வாங்கிப் படித்ததும் பத்மாவதிக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"இப்பிடி முகத்திலை அடிச்ச மாதிரியே எழுதுறது? 'இப்போதைக்கு ஏலாது' எண்டு போடு பிள்ளை."

"போட்டால் மாமா காத்துக்கொண்டிருப்பாரம்மா. ஆறு மாசம் கழிச்சுத் திரும்பக் கேப்பார். அப்ப இன்னொரு சாட்டுத் தேடோணும்."

மாமா என்பது பத்மாவதியின் அண்ணன் தயாபரன். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் நிறுவனத்தை அவர்களுடைய அப்பா கொட்டாஞ்சேனையில் தொடங்கினார். அதை இருபத்தாறு வருடமாக நடத்துகிறவர் தயாபரன். பிள்ளைகள் இல்லை. மூன்று மொழியும் தெரிந்த மருமகள் படிப்பை முடித்ததும் தன்னோடு சேரவேண்டும் என்று ஆசைப்பட்டார். சும்மா சொல்லவுமில்லை. அவளையும் நிறுவனத்தை நடத்தும் பணிப்பாளராகப் பதிவதற்கான சம்மதப் படிவத்தைக் கொடுத்தனுப்பி, திங்கட்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்டிருந்தார்.

ரூபிகா படித்தது பேச்சுச் சிகிச்சை. பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியிலேயே வேலையும் கிடைத்திருந்தது.

வெள்ளவத்தை வீட்டின் சாப்பாட்டு மேசையில், வெள்ளிக்கிழமை காலை முழுதும் அந்த ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டினாள். அலுவலகத்தில் மாமா சத்தம் போடுவதைப் பற்றி ஒரு வரி இருந்தது, வெட்டினாள். "அது உண்மைதானே?" என்றாள் தாய். "உண்மைதான். ஆனா அவர் சத்தம் போடாட்டியும் நான் போகமாட்டன். அப்ப அது காரணமில்லையே." தனக்குப் பதிலாக வேறொருவரின் பெயரைச் சொல்லியிருந்த வரியையும் வெட்டினாள். கேளாத ஆலோசனையாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்றாள் பத்மாவதி. இல்லையென்றால் தானே பக்குவமாகச் சொல்வதாகவும் சொன்னாள்.

"நீங்கள் சொன்னால் உங்களோடைதான் கோவிப்பார். கேட்டது என்னட்டை. நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

அன்று மத்தியானமே இருவரும் கொட்டாஞ்சேனை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார்கள். தயாபரன் தேநீர் வரவழைத்து, கடிதத்தைப் பிரித்தார்.

"அன்புள்ள மாமா,

உங்கள் நிறுவனத்தில் சேர அழைத்தீர்கள். நான் சேரப்போவதில்லை. யோசித்து நானே எடுத்த முடிவு இது, பின்னர் மாறாது. அம்மாவுக்கு இதில் பங்கில்லை.

எனக்கு வேலை கிடைத்திருக்கும் பிரிவில், தமிழில் கதைத்துச் சிகிச்சை கொடுக்க இப்போது ஒருவரும் இல்லை. அங்கே வேலை செய்யத்தான் விரும்புகிறேன்.

தாத்தா தொடங்கிய நிறுவனத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைப் போட நினைத்தீர்கள். இவ்வளவு பெரிய நம்பிக்கையை யாரும் என்மேல் வைத்ததில்லை. நன்றி மாமா.

படிவத்தைக் கையெழுத்திடாமல் இத்துடன் தருகிறேன். வேறு ஏற்பாடு செய்ய உங்களுக்கு நேரம் வேண்டும் என்பதால் திங்கள் வரை வைத்திருக்கவில்லை.

ரூபிகா"

தயாபரன் இரண்டு தரம் படித்தார். தேநீர் ஆறிப்போனது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமென்று வாயெடுத்த பத்மாவதி, மகள் கையைக் கட்டாமல், தலையைக் குனியாமல் பேசாதிருப்பதைக் கண்டு தானும் அடங்கினாள்.

"சம்பளம் காணாதோ? கூட்டித் தாறன்."

"அதில்லை மாமா. எழுதினதுதான் காரணம்."

"அப்ப எனக்குப் பிறகு இதை ஆர் பாக்கிறது?" சத்தம் உயர்ந்தது.

"நீங்கள் கேக்கிறபடியால் சொல்லுறன். ரிஸ்லா அக்கா. பன்னிரண்டு வருசமா எல்லா டொக்கியூமன்டும் அவதானே பாக்கிறா. ஆனா அவவிட்டை நான் ஒண்டும் கதைக்கேல்லை. நீங்கள்தான் கேக்கோணும்."

அவர் கதிரையைத் திருப்பினார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாருடனோ சிங்களத்தில் வாதாடிக்கொண்டிருந்த ரிஸ்லாவைக் கொஞ்சநேரம் பார்த்தபடி இருந்தார்.

இருவரும் வெளியே வந்தார்கள். பத்மாவதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த வயதுவரை அண்ணனிடம் தான் ஒரு முறைகூட 'மாட்டேன்' என்று சொன்னதில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. மகளைப் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்று வாரம் தயாபரன் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாலாவது வாரம் தொலைபேசியில் அழைத்தார். வழக்கம்போலத் தங்கைக்கு அல்ல, நேரே ரூபிகாவுக்கு.

"ரிஸ்லா ஓம் எண்டிட்டா. யோசிக்க ரெண்டு நாள் கேட்டவ, பிறகு சம்பளமும் பேசித்தான் ஓமெண்டவ. கெட்டிக்காரி." பிறகு வேறொன்று கேட்டார். "எங்கடை லொறி ஓட்டுற பௌஸியின்ரை மகனுக்கு நாலு வயசு. இன்னும் கதைக்கிறானில்லை. உன்னட்டை எந்த நாளிலை கூட்டிக்கொண்டு வரலாம்?"

"செவ்வாய்க்கிழமை காலமை, மாமா," என்றாள் ரூபிகா.