கட்டிப்பிடிக்கும் படம்

பல்கலைக்கழக ஒலிப்பதிவு அறையில் காற்றாடியைப் போட்டால் ஒலிவாங்கி இரையும். போடாவிட்டால் மனிதன் வேகவேண்டும். மொழி ஆய்வாளரான அவள் வெந்துகொண்டிருந்தாள். எதிரே தையல்காரம்மா. அவருடைய தாய்மொழிதான் ஆய்வுப்பொருள்.

வேலை எளிது. மடிக்கணினியில் சிறுசிறு படங்கள் ஓடும். பார்த்ததைத் தன் மொழியில் சொல்லவேண்டும். நாம் ‘ஒருவரையொருவர்’ என்று நீட்டி முழக்குவதை அந்த மொழி வினைக்குள்ளேயே ஓர் அசையைச் செருகி முடித்துவிடும். பல மொழிகளுக்கு இந்தச் சிக்கனம் உண்டு. இரண்டு பேர் ஒருவர் முடியை ஒருவர் பிடித்து இழுத்தார்கள், அசை வந்தது. கைகுலுக்கினார்கள், வந்தது. ஒருத்தி மட்டும் ஒருவனைத் தள்ளினாள், வரவில்லை. எல்லாம் சரி.

அடுத்தது கட்டிப்பிடிக்கும் படம். நடிக்க ஆள் கிடைக்காமல், கல்யாணமான புதிதில் அவளும் கணவனுமே நடித்தது. அவனும் மொழி ஆய்வாளன்தான்.

தையல்காரம்மா அசையைப் போடவில்லை. இதற்குமுன் வந்த இதே மொழிக்காரர்கள் மூவரும் போடவில்லை. “அந்தப் படத்தைத் தூக்கிடு, ஆய்வையே கெடுக்குது,” என்று அவன் சொல்லியிருந்தான்.

“அந்த அசையைப் போட்டுச் சொல்லலாமாம்மா?”

“எப்படிம்மா சொல்றது? நீங்கதானே கட்டிப்பிடிக்கிறீங்க. அவரு சும்மா நிக்கிறாரு.”

மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் அவன் முதுகில் இருந்தன. அவனுடைய ஒரு கை கால்சட்டைப் பையில், இன்னொன்று தொங்கிக்கொண்டு. கண் கேமராவில், பதிவாகிறதா என்று பார்க்கிறான். இத்தனை வருஷம் இதைப் போட்டுக்காட்டிப் பிழைத்தவளுக்கு இது கண்ணில் படவில்லை.

அவனுக்கு வேறு ஊரில் புது வேலை கிடைத்திருந்தது. அவள் இன்று மாலைக்குள் ராஜினாமா கொடுக்கவேண்டும். ஏற்கனவே இரண்டு முறை தன் வேலையை விட்டு அவன் பின்னால் போனவள். ஒவ்வொரு முறையும் அவன் சொன்னது, “ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்துதான் போகணும்.”

தையல்காரம்மாவை அனுப்பிவிட்டு அவனுக்குப் போன் போட்டாள்.

“இந்தத் தடவை நீங்க விட்டுக்குடுங்க. நான் வேலையை விடல.”

அவன் சிரித்தான். “ஜோக்கடிக்காத. வீட்டுக்கு முன்பணம் கட்டியாச்சு. ராஜினாமா குடுத்துட்டு சீக்கிரம் வா. ஆமா, அந்தப் படத்தைத் தூக்கிட்டியா?”

அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு உள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. கோபம்கூட வரவில்லை.

“தூக்கல. படத்துல ஒரு தப்பும் இல்ல,” என்றாள். “நாமதான் தப்பான இடத்துல வெச்சிருந்தோம்.”

போனை வைத்துவிட்டு, அந்தப் படத்தை ஒருத்தி ஒருவனைத் தள்ளும் படத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். பிறகு காற்றாடியைப் போட்டாள்.