மூன்றுக்கு ஆதாரம் வேண்டாம்

ஊழியர்களுக்கு ஆண்டு மதிப்பெண் போடும் மாதம் வந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒரே கூத்துதான். விற்பனைப் பிரிவு மேலாளர் வள்ளல். சும்மா கிடக்கும் நாற்காலிக்கும் ஐந்துக்கு ஐந்து போடுவார். கிடங்கு மேலாளர் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். அவரிடம் உயிரைக் கொடுத்து உழைத்தாலும் இரண்டுதான்.

இந்த அநியாயத்தைச் சரிசெய்ய, மனிதவளப் பிரிவில் இருக்கும் நான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு மேலாளர்களுக்கு ஒரு மெயில் எழுதினேன். எல்லாப் பிரிவுக்கும் ஒரே அளவுகோல். ஆளைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள். மூன்றுக்கு மேலே போட்டாலும் கீழே போட்டாலும், செய்த வேலையிலிருந்து ஆதாரம் எழுதிக் கொண்டுவாருங்கள். கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.

கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். பத்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வள்ளலின் ஆட்கள், கஞ்சனின் ஆட்கள் என்று திரையில் இருந்த நூற்றுநாற்பது பேருக்கும் மூன்று. ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை.

என் மேலாளர் பூரித்துப்போனார். "பார்த்தியாம்மா, எல்லாப் பிரிவும் சமம்! இந்த வருஷம் ஆபீஸ்லயே உருப்படியா நடந்த வேலை உன் மெயில்தான்."

நான் கேட்டது இந்தச் சமத்தை இல்லை. ஆனாலும் சபலம் யாரை விட்டது?

"அப்போ எனக்கு எத்தனை சார்?"

"மூணும்மா."

"உருப்படியான வேலைன்னு இப்பத்தானே சொன்னீங்க!"

"சொன்னா போதுமா? ஆதாரத்தோட எழுதணும்னு நீதானே மெயில் போட்ட? எனக்கு ஏதும்மா நேரம்!"