மேட்டுச் சோதனையில் ஒரு கல்

பிரிஞ்சாங், தானா ராத்தா, கோலா தெர்லா மூன்று மலையூர்களுக்கும் சேர்த்துத் தமிழில் கார் ஓட்டச் சொல்லித்தர ஒரே ஆள் நாகரத்தினம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலமும் உண்டு. இப்போது இடுப்புவலிதான் அதைச் சொல்கிறது. விடியுமுன் தன்னிடம் கற்ற மூன்று பேரை ஏற்றி மலையிறங்கி வந்தவர், லைசென்ஸ் சோதனைத் தளத்தின் கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றுகொண்டே பாதி தூங்கினார்.

யுவனேஸ்வரியின் கார் மேட்டில் ஏறியது. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் குகனேஸ்வரனுக்கு வாரம் மூன்று நாள் தானா ராத்தாவில் டயாலிசிஸ். அவரைக் காரில் ஏற்றிப்போகும் கொழுந்தனோ அடுத்த மாதம் முதல் தேதி சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறான். காலையில் ரோட்டுச் சோதனையில் தேறிவிட்டாள். பாக்கி இந்த மேட்டுச் சோதனைதான்.

மஞ்சள் கட்டத்துக்குள் அழகாக நிறுத்தினாள். கைப்பிரேக்கை இழுத்தாள். இனி பின்னால் உருளாமல் கிளம்பினால் போதும்.

கதவு திறந்தது.

யுவனேஸ்வரி இறங்கி, ஓரத்தில் கிடந்த கல்லை எடுத்துவந்து பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். சோதனை அதிகாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பெயிலென்று எழுதிவிட்டார்.

மலையேறும்போது மற்ற இருவரும் பின்சீட்டில் தூங்கிவிட்டார்கள்.

"ஏம்மா, யாராச்சும் டெஸ்ட்ல இறங்குவாங்களா?"

"நீங்கதானே சார் சொன்னீங்க! எஸ்டேட் மண்டபத்துல, ரோடு பாதுகாப்பு கிளாஸ்ல. மேட்டுல ஹேண்ட்பிரேக்க நம்பாதீங்க, கல்ல நம்புங்கன்னு."

"அது ஜோக்குமா. எல்லாரும் சிரிச்சாங்களே."

"சிரிச்சாங்க. நான் எழுதிக்கிட்டேன். எங்க லைன் வீடுங்கள்ல எல்லா வண்டிக்கும் கல்லுதான் சார் போடுறோம். நீங்க படிச்ச ஆளு, சும்மாவா சொல்வீங்கன்னு நெனச்சேன்."

பதினோரு வருஷமாக ஒவ்வொரு வகுப்பிலும் நாகரத்தினம் விட்ட ஒரே நகைச்சுவை அது. அதை நம்பிய முதல் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் கைப்பையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

வளைவோரம் நிறுத்தி, மறுசோதனைத் தேதி கேட்டுத் தளத்துக்குப் போன் போட்டார். மூன்று வாரம் கழித்துத்தான் இடமாம். கொழுந்தன் கிளம்ப இன்னும் இரண்டு வாரம்.

"நடுவுல ஒரு வாரம் இருக்கேம்மா."

"தெரியும் சார். எஸ்டேட் ஆபீஸ் கிராணிகிட்ட டிரைவரோட வண்டி கேட்டுப் பார்க்கணும். தருவாரோ என்னமோ."

"எந்தெந்த நாளு?"

"செவ்வா, வியாழன், சனி. காலையில ஆறரைக்கு அங்க இருக்கணும்."

மூன்று நாளும் அவருக்கு வகுப்பு. சனிக்கிழமை மட்டும் ஏழு பேர். இடுப்பு இப்போதே முணுமுணுத்தது.

"நானே என் சொந்தக் கார்ல கூட்டிட்டுப் போறேன். கிளாஸ் எல்லாம் மத்தியானத்துக்கு மாத்திக்கலாம்."

அவள் தேயிலைச் சரிவுப் பக்கம் திரும்பினாள். வேண்டாமென்று மறுத்துவிடுவாளோ என்று, வெட்கமில்லாமல், ஒரு நிமிஷம் ஆசைப்பட்டார்.

"சரி சார். ஆனா ஒன்னு, அவருக்கு ஊசி போட்டா தலை சுத்தும். வண்டியில ஜோக் மட்டும் வேணாம்லா."

"வாயே தொறக்க மாட்டேம்மா."

கியரைப் போட்டார். முன்னால் ஒரு காய்கறி லோரி, தூங்கிக்கொண்டே ஏறுவதுபோல ஏறிக்கொண்டிருந்தது. முந்தத் தோன்றவில்லை.